கால் தட்டுச் சோறு என்றால் எவ்வளவு?

சர்க்கரை இருக்கிறது என்று புதிதாகத் தெரியவந்து, உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் கையில் அநேகமாக ஒரு படம் இருக்கும். ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. ஒரு பாதி முழுக்கக் காயும் கீரையும். மறு பாதியை இரண்டாகப் பிரித்து, ஒரு காலில் சோறோ சப்பாத்தியோ, இன்னொரு காலில் பருப்பு, மீன், முட்டை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரப்பிய முறை இது. அந்த நாட்டு அரசும் பொதுமக்களுக்கான உணவுக் கோபுரப் படத்தை 2011-இல் ஓரங்கட்டிவிட்டுத் தட்டுப் படத்துக்கு வந்திருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஒரு நாள் உணவைத் தட்டாகவே வரைந்து காட்டுகிறது.

காரணம் எளிது. சோற்றைத் தராசில் வைத்து நிறுத்துச் சாப்பிடுகிற வீடு எங்கே இருக்கிறது? தட்டு எல்லோரிடமும் உண்டு; பாதி, கால் என்று பார்க்கப் படிப்பும் வேண்டாம். ஆனால் அந்தப் படத்தை நம் வீட்டு எவர்சில்வர் தட்டில் அப்படியே வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. மூன்று இடத்தில் உதைக்கிறது.

முதலாவது, தட்டின் அகலம். அமெரிக்கப் படத்தில் உள்ளது 9 அங்குலத் தட்டு, அதாவது சுமார் 23 சென்டிமீட்டர். நம் வீடுகளில் மதியச் சாப்பாட்டுக்கு எடுக்கும் தட்டு 11, 12 அங்குலம்கூட இருக்கும். மூன்று அங்குலம்தானே கூடுதல் என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் தெரியும்: 12 அங்குலத் தட்டு, 9 அங்குலத் தட்டைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. பெரிய தட்டில் கால் பங்கு போட்டுக்கொண்டவர், படத்தில் இருக்கும் தட்டில் பாதியை நிரப்பியவர் ஆகிறார், கிட்டத்தட்ட. படம் சொன்னபடியே செய்தேன், சர்க்கரை இறங்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது தட்டின் அகலத்தைத்தான். தையல் டேப்பை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு வைத்தால் போதும். வெளியே மடிந்த ஓரத்தைச் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது, உயரம். படத்துக்கு உயரம் கிடையாது, சோற்றுக்கு உண்டு. 9 அங்குலத் தட்டின் கால் பங்கில், இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு, அதாவது கட்டைவிரலை மடக்கினால் நுனியிலிருந்து முதல் கணு வரை வரும் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாகச் சோற்றைப் பரப்பினால் சுமார் 200 மில்லி வரும். வடித்த சோறு என்றால் 140 கிராம் அளவு, அதில் மாவுச்சத்து 40 கிராம் பக்கம். நாலு நடுத்தர இட்லிக்குச் சமம். அதே கால் பங்கில் குவித்துக் கட்டினால் இரண்டு மடங்கு சோறு சத்தமில்லாமல் நின்றுவிடும். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் சோற்றைப் போட்டதும் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டையாக்கிவிட்டு, பக்கவாட்டில் குனிந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும். கண்ணால் அளக்கிறவர்கள் இந்த ஒரு பார்வையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது உதைதான் பெரியது. தட்டுப் படம், சாப்பாடு மொத்தமும் ஒரே நேரத்தில் தட்டில் இருக்கும் என்று நம்பி வரையப்பட்டது. நாம் அப்படிச் சாப்பிடுவதில்லை. முதலில் சாம்பார் சோறு, அப்புறம் ரசம், கடைசியில் மோர். எந்த நேரத்தில் தட்டைப் படம் பிடித்தாலும் சோறு கால் பங்குக்கு மேல் இருக்காது. எழுந்து கை கழுவும்போது மூன்று கால் உள்ளே போயிருக்கும். "அதிகமா ஒண்ணும் சாப்பிடலையே" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. தட்டு அவருக்குக் காட்டியது அவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஐம்பதைத் தாண்டியவர், 12 அங்குலத் தட்டு. சாம்பாருக்கு ஒன்றரைக் கைமுட்டி சோறு, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் அரைக் கைமுட்டி, இரண்டு கரண்டி பீன்ஸ் பொரியல், ஓர் அப்பளம். ஒரு கைமுட்டியை 200 மில்லி என்று வைத்தால் சோறு மட்டும் மூன்றரை முட்டி, 490 கிராம், மாவுச்சத்து 140 கிராமை ஒட்டி. உருளைக்கிழங்கும் அப்பளமும் காய் இருக்கும் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தாலும் கணக்கில் சோற்றோடுதான் சேரும். கருணை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் அதே கூட்டம். பாதித் தட்டை நிரப்ப வேண்டிய காய், இங்கே இரண்டு கரண்டி பீன்ஸோடு நிற்கிறது.

இவர் சாப்பாட்டு முறையை மாற்ற வேண்டியதில்லை, சாம்பார், ரசம், மோர் மூன்றும் இருக்கட்டும். சோற்றை மட்டும் ஒரே தடவையில் போட்டுக்கொள்ள வேண்டும். 9 அங்குலத் தட்டில் கால் பங்கு, தட்டையாக. அதை விரலால் மூன்றாக வகுந்துகொண்டு, ஒரு பங்கில் சாம்பார், ஒரு பங்கில் ரசம், ஒரு பங்கில் மோர். அன்னக்கரண்டி திரும்ப மேசைக்கு வரக் கூடாது. கேட்க எளிது, செய்யும்போது முதல் சில நாள் சாம்பாருக்கே முக்கால் பங்கு தீர்ந்துவிடும். ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிட்டு, சோற்றைச் சாம்பாருக்கும் மோருக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வழிதான் நடைமுறைக்கு ஒத்ததாகப் படுகிறது.

தட்டே இல்லாத இடத்தில், அல்லது தட்டை நம்ப முடியாத இடத்தில், கை வருகிறது. மூடிய கைமுட்டி சோற்றுக்கு. விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை மட்டும், அதன் அகலத்துக்கும் தடிமனுக்கும், மீனுக்கோ கறிக்கோ. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளுமளவு காய்க்கு. கட்டைவிரல் நுனி எண்ணெய்க்கு, அது ஒரு டீஸ்பூனை ஒட்டி வரும். ஜிம்பாப்வேயிலிருந்து கிளம்பிய ஒரு கை முறை கனடா வரைக்கும் நீரிழிவு ஆலோசனைகளில் புழங்குகிறது. கை நம்மோடேயே வருகிறது, பெரிய உடம்புக்குப் பொதுவாகப் பெரிய கை என்பதால் அளவும் ஓரளவு தானே பொருந்திக்கொள்கிறது.

ஆனால் யார் கைமுட்டி எவ்வளவு என்பதை ஒருமுறையாவது அளந்து பார்த்துவிட வேண்டும். அகலமான தாம்பாளத்துக்குள் ஒரு பாத்திரத்தை வைத்து, அதன் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். முட்டியை மடக்கி மணிக்கட்டு வரை மெதுவாக இறக்குங்கள். தாம்பாளத்தில் வழிந்த தண்ணீர்தான் உங்கள் முட்டியின் கொள்ளளவு. அதை டம்ளரால் அளக்கலாம். டம்ளர் எத்தனை மில்லி என்று தெரியாவிட்டால் அரை லிட்டர் பால் பாக்கெட்டை அதில் ஊற்றிப் பாருங்கள்; இரண்டரை டம்ளர் வந்தால் அது 200 மில்லி டம்ளர். சிறிய கைக்காரருக்கு ஒரு டம்ளர்தான் வழியும். பெரிய கை உள்ள ஆணுக்கு ஒன்றரை டம்ளரும் வரலாம். அப்படிப்பட்டவர் "ஒரு கைமுட்டி" என்ற சொல்லை நம்பிச் சாப்பிட்டால் பாதி முட்டி கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும்.

உள்ளங்கைக் கணக்கில் மீன் சுலபம். வஞ்சிரத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளங்கை அளவு என்றால் சுமார் 100 கிராம், அதில் புரதம் 20 கிராம் பக்கம். மத்தியும் நெத்திலியும் முள், தலை போகத்தான் கணக்கு. கறிக்குழம்பில் எலும்பு போக. முட்டையில் 6 கிராம்தான் என்பதால் ஓர் உள்ளங்கை மீனுக்கு மூன்று முட்டை வேண்டும்.

சைவ வீட்டில்தான் சிக்கல். கால் தட்டு புரதம் என்றதும் சாம்பாரை அந்த இடத்தில் வைத்துவிடுகிறோம். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும் என்று சமைக்கிறவரைக் கேளுங்கள். நாலு பேருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போட்டிருப்பார். அது புரதப் பங்கு ஆகாது. கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் கெட்டியாக விழும் பருப்போ கூட்டோ சுண்டலோ தான் அந்தக் காலுக்கு உரியது. அதிலும் ஒரு விஷயம்: பருப்பு மீனைப் போல வெறும் புரதமாக வருவதில்லை. கெட்டிப் பருப்பு ஒரு முட்டி சாப்பிட்டால் 18 கிராம் புரதம் கிடைக்கும், கூடவே 40 கிராமை ஒட்டி மாவுச்சத்தும் வரும். நார் இருப்பதால் அது சோறு போலச் சடசடவென்று ஏற்றாது, உண்மைதான். ஆனாலும் சுண்டலை முட்டி அளவு சாப்பிடுகிற நாளில் சோற்றை முக்கால் முட்டியாகக் குறைப்பது நல்லது.

இந்த இரண்டு முறைக்கும் பிடிபடாதது எண்ணெய். தட்டில் இடம் பிடிக்காமல் உள்ளே ஒளிந்திருக்கும். கத்தரிக்காய் எண்ணெய்க் கறி பாதித் தட்டை நிரப்பினால் காய்க் கணக்கு சரி, கலோரிக் கணக்கு தப்பு. இதைத் தட்டில் அளக்க முடியாது. வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம், எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும், கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மூன்றரை முட்டியிலிருந்து ஒரு முட்டிக்கு ஒரே நாளில் இறங்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்காக வைக்கப்பட்டது. சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கும். டாக்டரிடம் சொல்லி இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்பு, கீரை அளவே வேறு. இந்தப் படம் அவர்களுக்கானதில்லை.

கண்ணளவு சரிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர், முதல் கவளம் எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்க்கலாம். 180-க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பலருக்கு மருத்துவர்கள் வைக்கும் எல்லை. ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட முடியாது. ஒரே மாதிரிச் சாப்பாட்டுக்குச் சில நாள் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை 160, புதன்கிழமை அதே சாப்பாட்டுக்கு 230 என்று வந்தால் அன்றைக்கு அந்தச் சாப்பாடு நிஜமாகவே "அதே" தானா என்று யோசிக்கணும். பெரும்பாலும் பதில் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: தட்டு மாறியிருக்கும், பொரியல் கிழங்காகியிருக்கும், இல்லை மோருக்கு மட்டும் கொஞ்சம் என்று அன்னக்கரண்டி திரும்ப வந்திருக்கும்.