பயமுறுத்திய விரிசலும் மறைந்திருந்த துருவும்

நண்பர் ஒருவரின் மகள் போன மாதம் போன் செய்தாள். "அங்கிள், தாம்பரம் பக்கம் ஒரு பழைய வீடு பார்த்திருக்கோம். 1996ல கட்டினது. கீழே ரெண்டு ரூம், மாடியிலே ரெண்டு. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும்" என்றாள். பொதுப்பணித் துறையில் கட்டடம் கட்டியும் பழுது பார்த்தும் ஓய்வு பெற்றவன் நான். ஒரு சின்னச் சுத்தி, டார்ச், கம்பி பிரஷ், வெர்னியர் அளவி, டேப் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். முதல் நாள் இரவு நல்ல மழை. இப்படி ஒரு வேலைக்கு மழைக்கு அடுத்த நாளை விட நல்ல நாள் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் அவள் கணவர் என்னை நேரே மாடிக்கு அழைத்துப் போனார். முகத்தில் கவலை. மேற்குப் பார்த்த அறையில் கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரின் நீளத்துக்கும் கோடு போட்டதுபோல ஒரு விரிசல் ஓடியது. "சார், இதனாலதான் ராத்திரி தூக்கமே வரலை. கூரை தனியா கழண்டு வருதோன்னு பயமா இருக்கு."

விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. முடி அகலம்தான். வெளிப்பக்கமும் அதே உயரத்தில்தான் இருந்தது. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தளம் சூடேறி நீளும், இரவில் சுருங்கும். கீழே இருக்கிற செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீளாது. இரண்டும் சேரும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபறி நடந்து, கடைசியில் பூச்சு ஒரு நேர்கோடாகப் பிளந்துகொள்கிறது. மாடி உச்சித் தளம் உள்ள பல வீடுகளில் இதைப் பார்க்கலாம். மழைநீர் உள்ளே போகாமல் அடைத்து, மேலே வெயிலைத் தடுக்கும் தளப்பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

"தம்பி, படுத்திருக்கிற விரிசலை விடுங்க. ஜன்னல் மூலையிலேருந்து சாய்வா, செங்கல் இணைப்பு வழியா படி படியா இறங்கற விரிசல் இருக்கா, அதைத் தேடுங்க" என்றேன். அப்படி ஒன்று இருந்தால், அதுவும் ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்கி இருந்தால், வீட்டின் ஒரு பக்கம் மண்ணில் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தப் பக்கக் கதவுகளும் சட்டத்தில் இடிக்கத் தொடங்கும். இங்கே எட்டு ஜன்னல்களின் மூலைகளையும் பார்த்தோம். கதவுகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு சாத்தின. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கீழே வந்தபோது அந்தப் பெண் ஆசையோடு பின்பக்கப் படுக்கையறையைக் காட்டினாள். "இந்த ரூம்தான் அங்கிள் எனக்குப் பிடிச்சுது. ஃபால்ஸ் சீலிங் போட்டு, லைட் எல்லாம் வெச்சு அழகா பண்ணியிருக்காங்க."

அழகாகத்தான் இருந்தது. ஆனால் முழு வீட்டிலும் இந்த ஓர் அறையில் மட்டும்தான் ஃபால்ஸ் சீலிங். ஹாலில்கூட இல்லை. அண்ணாந்து பார்த்து, மேலே என்ன அறை என்று கேட்டேன். குளியலறை. எனக்கு அடிவயிற்றில் ஒரு சங்கடம்.

பழைய வீடுகளில் மாடிக் குளியலறைத் தளத்தை ஏறக்குறைய ஓர் அடி தாழ்த்தி வார்ப்பார்கள். குழாய்கள் ஓட இடம் வேண்டும் என்பதற்காக. குழாய் பதித்த பிறகு மீதி இடத்தில் செங்கல் ஜல்லியை நிரப்பி மேலே டைல் ஒட்டிவிடுவார்கள். நஹானி ட்ராப்பின் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் தண்ணீர் வெளியே வராது. அந்த ஜல்லி, பஞ்சு மாதிரி குடித்துக்கொண்டு, தொட்டியைப் போல ஊறிக் கிடக்கும். அதன் கீழே இருக்கிற தளம் ஆண்டுக்கணக்கில் நனைந்தபடியே இருக்கும்.

வீட்டுக்காரரிடம் கேட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். ஒரு விளக்கை மட்டும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன். கான்கிரீட் பாளம் பாளமாக உதிர்ந்து ஃபால்ஸ் சீலிங்கின் மேல் கிடந்தது. நான்கைந்து கம்பிகள் செம்மண் நிறத்தில் வெளியே தெரிந்தன. அந்தப் பெண் ஸ்டூலில் ஏறித் தானே பார்த்தாள். இறங்கி வந்து ஒன்றும் பேசவில்லை.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை என்பதை அவளுக்குச் சொன்னேன். சிமென்ட் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் கொல்கிறது. அது கம்பிவரை வந்துவிட்டால் படலம் போய்விடும். பிறகு ஈரமும் காற்றும் இருந்தால் போதும், துரு தொடங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதற்கு இடம் கொடுக்க முடியாமல் கான்கிரீட் கம்பியின் நீளத்துக்கே வெடித்து விழுகிறது. மேலே சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு நிற்பதில்லை.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். "சார், பெயின்டர்தான் சீலிங் போட்டா சரியாயிடும்னு சொன்னான்" என்று வருத்தத்தோடு சொன்னார், ஒரு பலகையைக் கழற்றவும் சம்மதித்தார். கம்பியைப் பிரஷால் தேய்த்து, நல்ல உலோகம் தெரிந்ததும் அளவியை வைத்தேன். 10 மில்லிமீட்டர் கம்பி 8 ஆகியிருந்தது. கேட்பதற்கு இரண்டுதானே என்று தோன்றும். ஆனால் கம்பியின் வலு அதன் வெட்டுப் பரப்பில் இருக்கிறது. எட்டெட்டு அறுபத்து நாலு, பத்துப் பத்து நூறு. அதாவது நூற்றில் முப்பத்தாறு பங்கு போய்விட்டது. கால் பங்குக்கு மேல் போனால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும் என்பது என் வழக்கம்.

நோய் எங்கேவரை பரவியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அறைத் தளத்தைச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனேன். திடமான இடம் 'டங்' என்று ஒலிக்கும், உள்ளே பிரிந்த இடம் 'டொப்' என்று பொத்தலாய் ஒலிக்கும். டொப் சத்தம் குளியலறைக்கு நேர் கீழே ஆறடிக்கு ஏழடி இடத்தோடு நின்றது. அதற்கு வெளியே, நல்ல தளத்தில் ஓர் இடத்தைக் கம்பி தெரியும்வரை சிறிதாக உடைத்து, பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த அதே பினாப்தலீனைத் தெளித்தேன். காரம் உயிரோடு இருந்தால் இளஞ்சிவப்பாகும், செத்திருந்தால் நிறம் மாறாது. கம்பியைச் சுற்றி ரோஜா நிறம் வந்தது. வெளி முகத்தில் மட்டும் சில மில்லிமீட்டர் நிறமில்லாமல் இருந்தது. சன்ஷேடுகளையும் தட்டினோம், ஒன்றில் மட்டும் ஓரம் டொப்பென்றது.

அவர்களிடம் நான் ஒளிக்கவில்லை. அஸ்திவாரத்தை என்னால் பார்க்க முடியாது. பத்திரம், வரைபட அனுமதி எல்லாம் வக்கீல் பார்க்க வேண்டியது. என்னால் சொல்ல முடிந்தது இந்த ஒரு தளத்தைப் பற்றி. இது திருத்தக்கூடியது, ஆனால் மேலிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் குளியலறையைத் தோண்டி ஜல்லியை எடுத்து, ட்ராப்பையும் குழாயையும் மாற்றி, நீர்த்தடுப்புப் பூச்சு போட வேண்டும். அதன் பிறகுதான் கீழே முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்புறம் வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவை நீக்கி, நல்ல பகுதிவரை நீளும் புதுக் கம்பி சேர்த்துப் பூச வேண்டும். வரிசை மாறினால் இரண்டாவது வேலை வீணாகிவிடும்.

ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை வைத்து விலையைக் குறைத்துப் பேசினார்கள். வீட்டுக்காரர் பாதிக்கு மேல் ஒத்துக்கொண்டார், வேலையையும் பதிவுக்கு முன்பே தொடங்க விட்டார். நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும், டைல் ஒட்டும் முன், வடிகால் வாயை அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடச் சொல்லியிருந்தேன். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டாள் அந்தப் பெண். மூன்றாம் நாள் காலை நானும் போனேன். அவள் கணவர் மேலே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"அங்கிள், பொட்டு ஈரம்கூட இல்லை. நீங்களே வந்து தொட்டுப் பாருங்க."