பத்து நாள், பிறகு இன்னொரு பத்து நாள்

கோர்ட் அமீனா வீட்டு வாசலில் நின்று சம்மனை நீட்டுகிறார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுகிறார். சிவில் கேஸ்தானே, வாய்தா மேல் வாய்தா வாங்கினால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நினைப்பு. சாதாரண வழக்கில் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் பிராதின் முதல் பக்கத்தில், வழக்கு எண்ணுக்கு நேர் கீழே ‘உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, கட்டளை 37-இன் கீழ்’ என்று ஒரு வரி இருந்தால், அந்த அலமாரி அவரைக் கவிழ்த்துவிடும்.

அது சுருக்கமுறை வழக்கு. புரோநோட்டு, உண்டியல், காசோலை, எழுத்து மூலமான ஒப்பந்தம், ஜாமீன் கடிதம் போன்ற ஆவணத்தின் பேரில், இவ்வளவு என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய பணத்தை வசூலிக்கத் தொடுப்பது. வாய்ப்பேச்சில் கொடுத்த கடனுக்கு இந்த வழி கிடையாது. நஷ்டஈடு எவ்வளவு என்று நீதிமன்றம்தான் கணக்கிட வேண்டும் என்றாலும் கிடையாது. கடன்தொகையோடு வேறொரு பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்டால், வழக்கு இந்தக் கட்டளையின் வரம்பை விட்டு வெளியே போய்விடும்.

சாதாரண வழக்கில் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்ய 30 நாள் உண்டு. நீதிமன்றம் அதை 90 நாள் வரை நீட்டலாம். பிறகு எழுவினாக்கள், சாட்சிகள், குறுக்கு விசாரணை. வழக்காடுவது பிரதிவாதியின் உரிமை. கட்டளை 37-இல் அந்த உரிமை தானாக வருவதில்லை. ‘என்னை வழக்காட அனுமதியுங்கள்’ என்று கேட்டு, காரணம் காட்டிப் பெற வேண்டும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு மளிகைக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் 12 சதவீத ஆண்டு வட்டிக்கு 3 லட்சம் ரூபாய் கைமாற்றாக வாங்கி, புரோநோட்டு எழுதிக் கொடுக்கிறார். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் போடுகிறார். வட்டியை ஒழுங்காகக் கட்டிவருகிறார். ஒரு வருஷம் கழித்து அசலில் 1 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பித் தருகிறார். நோட்டின் பின்பக்கம் வரவு வைக்கச் சொல்ல அவருக்குக் கூச்சம். பிறகு வியாபாரம் படுத்துவிடுகிறது. வியாபாரி முழு 3 லட்சத்துக்கும் சுருக்கமுறை வழக்குப் போடுகிறார்.

முதல் கெடு இங்கே தொடங்குகிறது. சம்மன் கைக்கு வந்த 10 நாளுக்குள் கடைக்காரர் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ நீதிமன்றத்தில் முன்னிலையாகி, தனக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரியையும் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பிராதில் உள்ளதெல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும். வாதிக்கு டிக்ரி கேட்கும் தகுதி வந்துவிடும். திருப்பிக் கொடுத்த 1 லட்சத்தைப் பற்றிப் பேச இடமே இருக்காது.

அவர் முன்னிலையானார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வியாபாரி ‘தீர்ப்புக்கான சம்மன்’ என்ற இரண்டாவது சம்மனை அனுப்புவார். இவ்வளவு தொகை வர வேண்டும், பிரதிவாதிக்கு எதிர்வாதம் எதுவும் இல்லை என்று நம்புகிறேன் என்ற பிரமாணப் பத்திரமும் அதோடு இருக்கும். அது கிடைத்த 10 நாளுக்குள் எதிர்வாதத்துக்கு அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும்.

வழக்கு நழுவுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வக்காலத்து போட்டாகிவிட்டது, இனி கோர்ட் கூப்பிடும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பிரதிவாதி கொடுத்த முகவரியில் இரண்டாவது சம்மன் சேர்க்கப்பட்டாலே போதும், அது முறையாகச் சார்வு ஆனதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வீடு மாறியதைச் சொல்லாதவருக்கும், வழக்கறிஞரோடு பேச்சு விட்டுப்போனவருக்கும் அந்த 10 நாள் தெரியாமலே ஓடிவிடும். போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். டிக்ரியே ஆகிவிட்டால் அதை நீக்கக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் அதற்குச் சிறப்புச் சூழ்நிலை இருந்ததைக் காட்ட வேண்டும். அதோடு, உருப்படியான எதிர்வாதம் கையில் இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் ரஜனி குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

அனுமதி மனுவில் என்ன எழுதுவது? ‘கடன் வாங்கவே இல்லை, எல்லாம் பொய்’ என்ற ஒற்றை வரி உதவாது. நோட்டில் கையெழுத்து நிரூபணமானாலோ, ஒப்புக்கொள்ளப்பட்டாலோ, பணம் கைமாறியது என்றே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு அனுமானிக்கிறது. அதை அசைக்க விவரம் வேண்டும். நம் கடைக்காரர் எந்தத் தேதியில், யார் முன்னிலையில் 1 லட்சத்தைக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு வங்கியிலிருந்து பணம் எடுத்த பதிவையும், ‘பணம் வந்தது’ என்று வியாபாரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் இணைக்கலாம். அவை இருந்தால், விசாரித்துப் பார்க்க வேண்டிய விஷயம்தான் என்று நீதிபதிக்குப் படும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. மீதி 2 லட்சம் பாக்கி என்று அவரே ஒப்புக்கொள்கிறார் அல்லவா? அந்த 2 லட்சத்தை நீதிமன்றத்தில் கட்டினால்தான் மற்றதைப் பற்றி வழக்காட அனுமதி. நியாயமான விதிதான். தகராறு இல்லாத பணத்துக்கும் சேர்த்து, கடன் கொடுத்தவர் ஏன் காத்திருக்க வேண்டும்?

அனுமதி தரும் அளவுகோலை உச்ச நீதிமன்றம் 1976-இல் மெக்கலெக் இன்ஜினியர்ஸ் வழக்கில் வகுத்தது. வங்கியிலிருந்து திரும்பி வந்த சுமார் 21,000 ரூபாய் காசோலை பற்றிய வழக்கு அது. காசோலை கொடுத்ததைப் பிரதிவாதி மறுக்கவில்லை. வாதியோடு தனக்கு ஒப்பந்தமே இல்லை, காசோலை வேறு காரணத்துக்காகக் கொடுத்தது என்றார். விசாரணை நீதிமன்றம் நிபந்தனை இல்லாமல் அனுமதி கொடுத்தது; உயர் நீதிமன்றம் அதில் தலையிட்டது; உச்ச நீதிமன்றம் முதல் உத்தரவையே நிலைநிறுத்தியது. எதிர்வாதம் ஜெயிக்குமா என்பது விசாரணையில் தெரியட்டும், விசாரிக்கத் தக்க கேள்வி இருக்கிறதா என்பதே இந்தக் கட்டத்துக்குப் போதும் என்பது அதன் சாரம்.

2016-இல் ஹப்டவுன் வழக்கில் இந்த அளவுகோல் திருத்தி அமைக்கப்பட்டது. வலுவான எதிர்வாதம் என்றால் நிபந்தனையற்ற அனுமதி. நல்லெண்ணத்தில் சந்தேகம் எழுந்தாலோ, எதிர்வாதம் நம்பச் சிரமமாக இருந்தாலோ, பணம் கட்டு அல்லது ஜாமீன் கொடு என்ற நிபந்தனை வரும். சில சமயம் முழு அசலையும் கட்ட வேண்டியிருக்கும். வெறும் சாக்குப்போக்கு என்றால் அனுமதி மறுக்கப்பட்டு, அத்தோடு டிக்ரி. அனுமதி தருவதே பொதுவிதி, மறுப்பது விதிவிலக்கு என்று 2022-இல் பி.எல். காஷ்யப் வழக்கில் அந்த நீதிமன்றம் மறுபடி நினைவூட்டியது. ஆனால் இதெல்லாம் 10 நாளுக்குள் மனுப் போட்டவருக்குத்தான் பயன்படும்.

கடன் கொடுத்தவர்களும் இந்த வழியில் இடறி விழுவதுண்டு. ஸ்டாம்பு ஒட்டாத புரோநோட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. மற்றப் பத்திரங்களைப் போல அபராதம் கட்டிச் சரிசெய்யவும் முடியாது. கேட்டதும் தர வேண்டிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டு முடிந்தால் காலாவதி. இடையில் எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொண்டோ, கைப்பட வரவு எழுதிக் கையெழுத்திட்டோ இருந்தால் அங்கிருந்து புதுக்கணக்கு தொடங்கும்.

ஆகவே பணம் திருப்பிக் கொடுக்கும்போது கூச்சப்படாதீர்கள். நோட்டின் பின்பக்கம் வரவு வைக்கச் சொல்லி அப்போதே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சம்மன் வந்தால் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதிவிட்டு, வழக்கு எண்ணுக்குக் கீழே உள்ள வரியைப் படியுங்கள். அங்கே 37 என்று இருந்தால், அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள்.