மறந்துவிட்டுப் போன பிறகு, போன் எப்போது கூப்பிடும்?

தாம்பரத்தில் ஓர் ஓட்டல். சாப்பிட்டு முடித்தவர் இயர்பட்ஸ் டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசற்படி தாண்டும்போதே போன் சத்தம் போட்டால் எவ்வளவு வசதி! ஆனால் அப்போது வராது. பைக்கை எடுத்துக்கொண்டு அவர் சானடோரியத்தை நெருங்கும் நேரத்தில்தான், பொருளை விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள் என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நான்கு நிமிடத்தில் 2 கிலோமீட்டர் கடந்துவிடுகிறார். அதே நான்கு நிமிடத்தில் நடந்து போகிறவர் 300 மீட்டர் சுமாருக்குத்தான் போயிருப்பார். அவருக்கு இந்த வசதி அருமையாகத் தெரியும், பைக்காரருக்கு எரிச்சலாகத் தெரியும்.

இந்தத் தாமதத்தைக் கோளாறு என்று சொல்பவர்கள் உண்டு. ஏன் இப்படி நடக்கிறது என்று பார்த்தால் அந்தக் கோபம் கொஞ்சம் தணியும்.

சாவிக்கொத்தில் மாட்டும் ஏர்டேக் போன்ற டேகுக்குள் ஜி.பி.எஸ். கிடையாது. தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று புளூடூத்தில் ஒரு சின்ன சமிக்ஞையை விட்டுவிட்டு அனுப்பிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. பட்டன் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ ஒரு வருஷம் ஓட வேண்டுமே, அதனால் அந்தச் சமிக்ஞையும் சன்னமானதுதான். போன் அதைக் கேட்கிறது. கேட்ட இடத்தைத் தன்னுடைய ஜி.பி.எஸ். மூலம் குறித்து வைத்துக்கொள்கிறது. பிறகு கேட்கவில்லை என்றால்? இருக்கும் ஒரே தடயம் அந்த மௌனம்தான்.

மௌனத்துக்கோ பல காரணங்கள் உண்டு. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பின்பாக்கெட்டில் டேக், முன்பாக்கெட்டில் போன் என்றால் இடையில் நிற்பது உங்கள் உடம்பு. கான்கிரீட் சுவர், ஸ்டீல் பீரோ, பைக்குள் கிடக்கும் டிபன் பாக்ஸ் எல்லாமே தடைகள்தான். பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தாலும் சில நொடிகள் சத்தம் கேட்காமல் போகும்.

தொடர்பு அறுந்ததும் உடனே எச்சரிக்கும் முறை ஒன்று முன்பே வந்தது. புளூடூத் தரநிலையிலேயே 2011-ல் அதற்கென்று ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. தொடர்பு அறுந்தால் டேகும் கத்தும், போனும் கத்தும். கடைகளில் கிடைக்கும் மலிவான சாவி டேகுகள் பலவும் இன்றைக்கும் இப்படித்தான் வேலை செய்கின்றன. வாங்கியவர்கள் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனால் கீச்சிடும், மாடி ஏறினால் கீச்சிடும். பத்துத் தடவை பொய்யாகக் கத்தினால் பதினோராவது தடவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரும்பாலானவர்கள் அந்தச் சத்தத்தையே அணைத்துவிடுகிறார்கள்.

ஆப்பிள் 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் கொண்டுவந்த "Notify When Left Behind" வசதி நிதானமானது. சத்தம் நின்றதும் பதறுவதில்லை. போன் அந்த இடத்தை விட்டு உண்மையிலேயே விலகிப் போய்விட்டது என்று உறுதியாகும் வரை காத்திருக்கிறது. பொய்க் கத்தல் குறைகிறது. பதிலுக்குச் சில நிமிடம் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் இந்தப் பேரம் சரியானதுதான். ரயில் பயணிக்கு மட்டும் இதனால் பெரிய லாபம் இல்லை. பிளாட்பாரத்தில் பையை விட்டு ஏறியவருக்கு வண்டி வேகம் பிடித்த பிறகுதான் தெரியவரும். பையை எங்கே விட்டோம் என்ற விவரமாவது வரைபடத்தில் கிடைக்கும்.

சரி, வீட்டில் இயர்பட்ஸை வைத்துவிட்டு பால் வாங்கப் போகும்போதெல்லாம் போன் எச்சரித்தால் என்ன ஆகும்? அதற்காகத்தான் விலக்கு இடங்கள் என்று ஒரு பட்டியல். அங்கே பொருளை விட்டுப் போனால் போன் வாயைத் திறக்காது. வீடு பொதுவாகத் தானாகவே அந்தப் பட்டியலில் வந்துவிடும். வாங்கிய அன்றே வீட்டில் சோதித்துப் பார்த்து, "இது வேலையே செய்யவில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இந்தப் பட்டியலை யோசிக்காமல் நீட்டிக்கொண்டே போவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. தொல்லை தாங்காமல் அலுவலகத்தையும் சேர்த்துவிட்டால், மாலையில் மேஜை டிராயரிலேயே கிடக்கும் இயர்பட்ஸைப் பற்றி எந்தத் தகவலும் வராது. ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியல் தனி என்பது பலருக்குத் தெரியவில்லை. இயர்பட்ஸுக்கு வீடு விலக்காக இருக்கலாம். ஆபீஸ் பீரோ சாவிக்கு அப்படி இருக்கக் கூடாது. அதை மறப்பதே வீட்டில்தான். சாவியின் பக்கத்துக்குப் போய் வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அது வீட்டிலேயே தங்கிவிட்டால் நீங்கள் தெருமுனை தாண்டிய பிறகாவது தகவல் வரும்.

இயர்பட்ஸ் வாங்குவதற்கு முன் மாடலைப் பார்ப்பது அவசியம். ஏர்பாட்ஸில் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு இந்த வசதி இல்லை. மூன்றாம் தலைமுறைக்கும், ப்ரோ, மேக்ஸ் வகைகளுக்கும் உண்டு. டைல் டேகில் இது சந்தா கட்டுகிறவர்களுக்கான வசதி. தனி ஆப்பை நம்பியிருக்கும் டேகை ஆண்ட்ராய்டு போனில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் அந்த ஆப்பைப் பின்னணியில் தூங்க வைத்துவிடும். தூங்குகிற ஆப்புக்கு மௌனம் கேட்காது. பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட வேண்டும்.

இந்த வசதியால் முடியாத காரியங்களும் இருக்கின்றன. போனையே வீட்டில் வைத்துவிட்டுச் சாவியோடு போனால் உங்களிடம் சொல்ல ஆள் இல்லை. கையில் ஆப்பிள் வாட்ச் இருந்தால் ஒருவேளை அது சொல்லும். நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, ஆட்டோ உங்கள் பையோடு கிளம்பிவிட்டது என்றாலும் இதை நம்பாதீர்கள். நீங்கள் பொருளை விட்டு விலகுவதைக் கவனிக்கத்தான் இது. பொருள் உங்களை விட்டு ஓடினால் வரைபடத்தைத் திறந்து தேட வேண்டியதுதான்.

"உங்களோடு வேறொருவருடைய டேக் பயணம் செய்கிறது" என்று வரும் எச்சரிக்கை இதிலிருந்து முற்றிலும் வேறு. அது யாரோ உங்களை வேவு பார்க்கலாம் என்பதற்கான எச்சரிக்கை. ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து வகுத்த முறைப்படி 2024 மே முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் வருகிறது. மறதி அறிவிப்பு என்று நினைத்து அதைத் தள்ளிவிடாதீர்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டுக்கு வெளியே, டீக்கடையிலோ பூங்காவிலோ, தெரிந்தவர் ஒருவரிடம் டேகைக் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு நடந்து போங்கள். எவ்வளவு தூரத்தில் அறிவிப்பு வருகிறது என்று பாருங்கள். வரவே இல்லை என்றால் போன் செட்டிங்ஸில் மூன்றைச் சரிபாருங்கள்: அந்த ஆப்புக்கு லொகேஷன் அனுமதி இருக்கிறதா, நோட்டிஃபிகேஷன் அனுமதி இருக்கிறதா, அந்தப் பொருளின் பக்கத்தில் "Notify When Left Behind" இயங்குகிறதா.