பேன் விற்பனைக்கு!

"இங்கே பேன் மலிவு விலையில் கிடைக்கும்!"

இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? தலையைச் சொறிந்து கொள்வீர்கள்!

எழுதியவர் நினைத்தது காற்று வீசும் 'ஃபேனை'. முன்னால் இருக்கவேண்டிய ஆய்த எழுத்து விட்டுப்போனதால், தலையில் ஊரும் பேன் விலைக்கு வந்துவிட்டது. ஆய்தத்தைப் போட்டாலும், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் "அக்கு... பேன்" என்று திகைத்து நிற்பார். 'மின்விசிறி' என்று அச்சிட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. வீட்டில் யாரும் "மின்விசிறியைப் போடு" என்று சொல்வதில்லைதான். ஆனாலும் அச்சில் கண்டதும் எல்லோருக்கும் புரிகிறது. 'பஸ்' என்று பேசுகிறவர்கள் 'பேருந்து நிலையம்' என்ற பலகையைத் தயங்காமல் படிக்கிறார்கள் அல்லவா? அதுபோலத்தான்.

ஆகவே, மக்கள் பேசுகிற சொல்தான் விளம்பரத்துக்கு ஏற்றது என்று சொல்லிவிட முடியாது. தூய தமிழ்ச் சொல்தான் ஏற்றது என்றும் சொல்ல முடியாது. படிப்பவர் யார்? அவர் கண்ணில் பட்டதும் எந்தச் சொல் பொருளைக் காட்டும்? இதைத்தான் பார்க்கவேண்டும்.

பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் விவசாயிகளுக்கு ஒரு மோட்டார் கடைக்காரர் நோட்டீஸ் போடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். தமிழ்ப் பற்றுள்ள ஒருவர் இப்படி எழுதித் தருகிறார்:

"நீர்மூழ்கி மின்னோடிகள், 5 குதிரைத்திறன். ஆழ்துளைக் கிணறும் அமைத்துத் தரப்படும்."

அழகான தமிழ்தான். ஆனால் 'நீர்மூழ்கி' என்றதும் விவசாயிக்குக் கடற்படைக் கப்பல் நினைவுக்கு வரும். 'மின்னோடி' என்ன ஓடியோ, அவருக்குத் தெரியாது. 'ஆழ்துளைக் கிணறு' மட்டும் புரியும். குழந்தை விழுந்த செய்திகளில் அந்தச் சொல்லை அவர் பலமுறை படித்திருக்கிறார். அந்தத் துயரச் செய்தியின் நினைவும் கூடவே வரும் என்பதால், வியாபாரத்துக்கு அது அவ்வளவு பொருத்தம் இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொருவர் வழக்கில் உள்ளபடியே எழுதுகிறார்:

"சப்மெர்சிபிள் மோட்டார், 5 எச்.பி., திரீ பேஸ். போர் போட்டுத் தரப்படும்."

'மோட்டாரும்' 'எச்.பி.'யும் விவசாயியின் வாயில் தினமும் வரும் சொற்கள். தொடக்கூடாது. ஆனால் 'சப்மெர்சிபிள்' என்பதைப் பாருங்கள். காதால் கேட்டால் தெரியும். எழுத்துக் கூட்டினால் புள்ளி வைத்த எழுத்துகளில் நாக்கு இடறும். இடறினால் நோட்டீஸ் மடித்துச் சட்டைப்பையில் போய்விடும். அல்லது சுண்டலுக்குப் பொட்டலம் ஆகிவிடும்!

'போர் போட்டுத் தரப்படும்' என்பதில் வேறு ஒரு வம்பு. சோளத்தட்டைப் போர் போடுவதும் அந்த ஊரில் போர்தான்! பேச்சில் இடம் பார்த்துப் புரிந்து கொள்வார்கள். நோட்டீஸில் 'போர்வெல்' என்று முழுதாகப் போட்டால் குழப்பம் இல்லை.

'திரீ பேஸ்' எப்படி? அவர் பேசுவது அதுதான். ஆனால் செய்தித்தாளில் 'மும்முனை மின்சாரம்' என்றே வருகிறது. எத்தனை மணிக்கு மும்முனை மின்சாரம் வரும் என்பது அவருடைய பயிரின் தலைவிதி. ஆகவே ஒரு எழுத்து விடாமல் படிப்பார். இங்கே தமிழ்ச் சொல்லே வென்றுவிட்டது.

'தவணை', 'மானியம்' ஆகியவற்றுக்கு ஆங்கிலம் தேடவே வேண்டாம். 'வாரண்டி' என்ற சொல் அட்டையில் இருக்கட்டும். நோட்டீஸில், பழுதானால் கடைக்காரர் என்ன செய்வார் என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை. காயில் எரிந்துபோனால் வாரண்டி உண்டா, இல்லையா என்பதில்தான் பின்னால் சண்டை வருகிறது.

எல்லாம் பார்த்து நோட்டீஸ் இப்படி ஆகிறது:

"போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார். 5 எச்.பி. மும்முனை மின்சாரத்தில் ஓடும். தவணையிலும் வாங்கலாம். 12 மாதத்துக்குள் பழுதானால் இலவசமாகச் சரிசெய்து தருவோம். காயில் எரிந்தால் மட்டும் கூலி உண்டு."

இதையும் அச்சகத்துக்கு அனுப்புமுன் சோதிக்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரிடம் கொடுத்து, "நல்லா இருக்கா?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் மரியாதைக்கு "நல்லா இருக்குங்க" என்பார்கள். உரக்கப் படிக்கச் சொல்லி, பிறகு தாளை வாங்கிக்கொண்டு, "என்ன விக்கிறாங்க, அண்ணா?" என்று கேட்க வேண்டும். எந்தச் சொல்லில் நின்று பக்கத்து ஆளைப் பார்க்கிறாரோ, அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். அது ஆங்கிலமாக இருந்தாலும் சரி, செந்தமிழாக இருந்தாலும் சரி.

இதே கடைக்காரர் கோவையில் அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் போட்டால், 'சப்மெர்சிபிள்' தாராளமாக இருக்கலாம். அங்கே மாற்ற வேண்டியது மும்முனை மின்சாரத்தைத்தான். பல வீடுகளில் இருப்பது 'சிங்கிள் பேஸ்'!