மூலைகள் தெரிந்தால் போதும்

கிழக்கு மேற்காக 40 மீட்டர், தெற்கு வடக்காக 30 மீட்டர் உள்ள ஒரு மனை. தென்மேற்கு மூலையில் இரண்டு தெருக்கள் சந்திப்பதால், வண்டி திரும்ப வசதியாக அங்கே இருபுறமும் 10 மீட்டர் விட்டு மூலையைச் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள். வடகிழக்கு மூலையை ஒரு வாய்க்கால் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. மிச்சம் எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி.

தென்மேற்கு மூலையை (0, 0) என்று வைத்து, கிழக்கே போகும் தூரத்தை x என்றும் வடக்கே போகும் தூரத்தை y என்றும் கொண்டால், மனையின் எல்லைகளை நான்கே வரிகளில் எழுதிவிடலாம்:

```
0 ≤ x ≤ 40
0 ≤ y ≤ 30
x + y ≥ 10
x + 2y ≤ 80
```

மூன்றாவது வரி தெருமுனை வெட்டு, நான்காவது வாய்க்கால். கணக்குப் புத்தகம் இவற்றை நேரியல் அசமன்பாடுகள் என்கிறது. ஒவ்வொன்றும் ஒரு நேர்கோட்டைப் போட்டு, அதன் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. எல்லா வரிகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் இடமே நம் மனை.

முதல் வேலை மூலைகளைக் கண்டுபிடிப்பது. இங்கே ஆறு கோடுகள். இரண்டிரண்டாக அவற்றை வெட்டவிட்டால் 13 புள்ளிகள் கிடைக்கின்றன. ஆனால் எல்லாமே மூலை ஆகிவிடாது. வாய்க்கால் கோடு x = 0 என்ற கோட்டை (0, 40) இல் சந்திக்கிறது; y 30ஐத் தாண்டக்கூடாது என்பதால் அது மனைக்கு வெளியே போய்விட்டது. (40, 30) இல் x + 2y கூட்டினால் 100 வருகிறது. 80க்குள் இல்லை, அதுவும் தள்ளுபடி. இப்படி ஒவ்வொரு புள்ளியையும் எல்லா வரிகளிலும் போட்டுப் பார்த்தால் ஆறுதான் தேறுகின்றன. கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் அவற்றை வரிசைப்படுத்தினால்: (10, 0), (40, 0), (40, 20), (20, 30), (0, 30), (0, 10).

இனி பெருக்கலும் கழித்தலும்தான். ஒரு மூலையின் x ஐ அடுத்த மூலையின் y ஆல் பெருக்கி, அதிலிருந்து அடுத்ததன் x ஐ இதன் y ஆல் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். கடைசி மூலைக்கு அடுத்தது முதல் மூலை. வரும் விடைகள் முறையே 0, 800, 800, 600, 0, −100. கூட்டினால் 2100, அதில் பாதி 1050 சதுர மீட்டர்; ஏறத்தாழ 26 சென்ட்.

இந்தச் சூத்திரத்தை 1769இல் ஜெர்மானியக் கணித அறிஞர் மைஸ்டர் எழுதினார். பின்னாளில் காஸின் பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் முக்கோணத்துக்கும் நாற்கரத்துக்கும் இதையே படிக்கிறார்கள்.

இது ஏன் சரியாக வருகிறது என்பதை அந்த −100 காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு விடையின் பாதியும், (0, 0) புள்ளியும் அடுத்தடுத்த இரு மூலைகளும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்தின் பரப்பு. 400, 400, 300 ஆகிய மூன்று முக்கோணங்களைக் கூட்டும்போது, மனையில் இல்லாத தெருமுனைத் துண்டும் சேர்ந்துவிடுகிறது. அதன் பரப்பு 50. கடைசி அடியில் திசை மாறி வருவதால் அது தானாகவே கழிகிறது. வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: முழுச் செவ்வகம் 1200; தெருமுனை வெட்டு 50, வாய்க்கால் பக்கம் போனது 100. மிச்சம் அதே 1050.

பலரும் தடுக்கி விழும் இடம் வரிசை. (40, 20), (20, 30) இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் விடை 750 என்று வரும். எண் பார்வைக்கு நியாயமாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாது. வரைந்து பார்த்தால்தான் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது தெரியும். அசமன்பாடுகள் எல்லாம் ஒருசேரப் பொருந்தும் பரப்பில் உள்வாங்கிய மூலை ஒருபோதும் இருக்காது. ஆகவே எல்லையோரமாக எதிர்த்திசையில் நடந்தால் ஒவ்வொரு மூலையிலும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். ஓரிடத்தில் வலப்பக்கம் திரும்பினாலும் வரிசை தப்பு.

இன்னொரு பொறி, மூடாத பரப்பு. x ≤ 40 என்பதையும் வாய்க்கால் வரியையும் எழுத மறந்துவிட்டால் (10, 0), (0, 30), (0, 10) என்ற மூன்று மூலைகள்தான் மிஞ்சும். சூத்திரம் தயங்காமல் 100 என்று சொல்லிவிடும். உண்மையில் கிழக்கே எல்லையே இல்லை. (1000, 15) கூட எல்லா வரிகளுக்கும் பொருந்துகிறது. இதற்கும் அடையாளம் உண்டு: y = 0, y = 30 ஆகிய கோடுகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மூலைதான் இருக்கிறது. மூடிய மனையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரு முனைகளிலும் மூலை இருந்தாக வேண்டும். ஒரு கோட்டில் ஒற்றை மூலை மட்டும் நின்றால், பெருக்கத் தொடங்கும் முன் விட்டுப்போன வரி எது என்று தேடுவதே சரி.