ஷிப்டு மாறும் வாரம்: மதி இறுக்கமுள்ள குழந்தையின் பதற்றமும் பட அட்டவணையும்

ஓசூர், சூளகிரிப் பகுதித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெற்றோர் பலருக்கு வாரத்திற்கு ஒருமுறை ஷிப்டு மாறுகிறது. அதனுடன் வீட்டின் ஒழுங்கும் மாறுகிறது. மதி இறுக்கம் (ஆட்டிசம்) உள்ள குழந்தைக்கு இம்மாற்றம் கடும் பதற்றத்தைத் தரலாம். மாற்றத்தை முன்கூட்டியே கண்ணால் காணும்படி செய்வது அப்பதற்றத்தைக் குறைக்க உதவும்.

ஏன் இந்தப் பதற்றம்?

1943ஆம் ஆண்டில் மருத்துவர் லியோ கேனர் இக்குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே, எல்லாம் ஒரே விதமாக இருக்க வேண்டும் என்ற அவர்களின் தீவிர விருப்பத்தைக் குறிப்பிட்டார். அடுத்து என்ன நடக்கும் என்பதைச் சூழலிலிருந்து ஊகிப்பது இவர்களுக்குக் கடினம். பழகிய வரிசையே இவர்களுக்குப் பிடிமானம். அது கலையும்போது குழந்தை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம், காதுகளைப் பொத்திக்கொள்ளலாம், உறங்க மறுக்கலாம், வீறிட்டு அழலாம். இது பெரும்பாலும் அச்சத்தின் வெளிப்பாடே. பிடிவாதம் எனக் கருதித் தண்டித்தால் அச்சம் கூடும்.

வாயால் சொன்ன சொல் மறைந்துவிடும். படம் கண்முன் நிற்கும். சூளகிரி போன்ற எல்லைப் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பள்ளியில் தமிழோ பேசப்படலாம். படம் இரு இடங்களிலும் ஒன்றே.

அட்டவணையை எவ்வாறு செய்வது?

முதலில் நாளின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுவது முதல் பள்ளி வேன் ஏறுவது வரை நான்கைந்து படங்கள் போதும். உங்கள் வீட்டுத் தட்டு, சீருடை, வேன் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து அச்சிடுங்கள். படம் புரியாத குழந்தைக்குப் பொருளையே காட்டலாம்: குளியலுக்குச் சோப்புப் பெட்டி, உணவுக்குக் கரண்டி.

படங்களைக் குழந்தையின் கண் உயரத்தில், மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் குழந்தையே அப்படத்தைக் கழற்றி, “முடிந்தது” என்ற உறையில் இடட்டும்.

மாற்ற அட்டை: ஓர் எடுத்துக்காட்டு

ஆறு வயதுச் சிறுவனைத் தந்தை நாள்தோறும் வேனில் ஏற்றிவிடுகிறார் என்று கொள்வோம். வரும் திங்கள் முதல் அவருக்குக் காலை ஷிப்டு. பாட்டிதான் ஏற்றிவிட வேண்டும்.

இதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு மஞ்சள் அட்டையை “மாற்றம்” என்று பழக்க வேண்டும். முதலில் இனிய மாற்றங்களுக்கே அதைப் பயன்படுத்துங்கள். பாடம் எழுதும் படத்தின் மேல் மஞ்சள் அட்டையை வைத்து, பக்கத்தில் ஊஞ்சல் படத்தை ஒட்டுங்கள். மஞ்சள் அட்டை என்றால் தீங்கு அல்ல என்பதைக் குழந்தை இவ்வாறு அறியும். அதன்பின் பிடிப்பதும் பிடிக்காததும் அல்லாத சிறு மாற்றங்களுக்கு வாருங்கள்.

ஞாயிறு மாலை, வீடு அமைதியாக இருக்கும்போது, தந்தையின் படத்தைக் குழந்தையின் முன்னிலையில் எடுத்து, மஞ்சள் அட்டையையும் பாட்டியின் படத்தையும் வையுங்கள். “நாளை பாட்டி, வேன்” என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். தந்தையின் படத்தை ஒளித்துவிடாமல், அவர் வீடு திரும்பும் இடத்தில், மாலைச் சிற்றுண்டிக்குப் பின் ஒட்டுங்கள். எழுவது, குளிப்பது, உண்பது ஆகியவற்றின் வரிசையை அந்த வாரம் மாற்றாதீர்கள்.

தந்தைக்குக் கூடுதல் நேர வேலை வருமா என்பது உறுதியில்லை எனில், அவர் படத்தை ஒட்டாமல் கேள்விக்குறி அட்டையை வையுங்கள். அட்டவணை ஒருமுறை பொய்த்தால் குழந்தை அதை நம்பாது.

பொதுவாக நேரும் தவறுகள்

மாற்றம் வரும் நாளில் மட்டும் அட்டவணையை எடுத்தால், அதுவே குழந்தைக்கு அச்சத்தின் அடையாளமாகிவிடும், நாள்தோறும் பயன்படுத்துங்கள். குழந்தை அமைதியடைந்ததும் “இனித் தேவையில்லை” என்று அகற்றாதீர்கள். சில குழந்தைகள் முன்னறிவிப்பு நெடுநேரம் முன்பு கிடைத்தால் இரவெல்லாம் கவலைப்படுவர். அவர்களுக்குக் காலையில் காட்டுவது நலம். குழந்தை வீறிட்டு அழும்போது படம் காட்டிப் பயனில்லை. ஒலியையும் பேச்சையும் குறைத்து, அமைதியடைந்த பின் அட்டவணைக்குத் திரும்புங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

அட்டவணை பதற்றத்தைக் குறைக்கும் துணை மட்டுமே. மாற்றம் எதுவுமின்றித் திடீரென நடத்தை மாறினால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் போன்றவை காரணமாக இருக்கலாம். குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, உணவையும் உறக்கத்தையும் இழந்தாலோ, பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினாலோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் குழந்தை நல மருத்துவரை அணுகி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரை கேளுங்கள். எந்த மாற்றத்தின்போது, எவ்வளவு நேரம் பதற்றம் நீடித்தது என்ற இரு வாரக் குறிப்பை உடன் கொண்டு செல்லுங்கள்.