வாய் பிளந்த ஷூ: எது ஒட்டும், எது ஒட்டாது?

ஷூ சோலின் முன்பக்கம் வாய் பிளந்ததும் பெரும்பாலான வீடுகளில் கைக்கு வருவது ஃபெவிக்விக். அது நொடியில் பிடித்துக்கொள்ளும். ஆனால் காய்ந்ததும் கண்ணாடிபோல் விறைத்துவிடும். நடக்கும்போது சோல் விரல் மடியும் இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் வளைகிறது. வளையாத பசை அங்கேதான் முதலில் விரிசல் விடும்.

சோலுக்கு வேண்டியது காய்ந்த பிறகும் ரப்பர்போல் வளையும் பசை. செருப்பு தைப்பவர்கள் ‘சொல்யூஷன்’ என்று டப்பாவிலிருந்து எடுத்துத் தடவும் மஞ்சள் பசை பெரும்பாலும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைக் கரைத்துச் செய்தது. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் ஃபெவிகால் எஸ்ஆர் இந்த வகைதான். மரத்துக்குப் பூசும் வெள்ளை ஃபெவிகால் வேறு. அது இதற்கு உதவாது.

முதலில் பழைய பசையைச் சுரண்டி, இரு பக்கமும் உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஷூவுக்கு ஒரு நாள் காய்வது போதாது. பிறகு இரு பக்கமும் மெல்லியதாகப் பசை தடவி, பத்து, பதினைந்து நிமிடம் தனித்தனியே விட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் கரைப்பான் உள்ளே சிக்கிக்கொள்ளும், பிடிப்பு வராது. விரல் வைத்தால் பிசுபிசுப்புத் தெரிய வேண்டும், ஆனால் பசை விரலோடு வரக் கூடாது. அதுதான் பதம். சேர்த்த பின் நகர்த்த முடியாது என்பதால், நேர் பார்த்துச் சேர்த்து, சுத்தியலால் தட்டி அழுத்த வேண்டும். எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதே இதில் முக்கியம். ஒரு நாள் கழித்து அணியலாம். கரைப்பானின் நெடி தலை சுற்ற வைக்கும். திண்ணையில் வைத்துச் செய்வது நல்லது, அடுப்பருகே கூடவே கூடாது.

பிவிசி சோலில் இந்தப் பசை சில மாதங்களில் இளகும். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து பசையைக் குழைத்துவிடுவதே காரணம். அதற்குப் பாலியூரித்தேன் பசை வேண்டும்.

எந்தப் பசையும் பிடிக்காத நிலை ஒன்று உண்டு. மணிவிழாவுக்குத் திருக்கடையூர் புறப்படும் குடும்பத்தில், மகன் கல்யாணத்துக்கு வாங்கி ஒரே நாள் போட்டு ஐந்தாறு வருடம் அட்டைப்பெட்டியில் இருந்த ஷூ வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப் புதிது; கோயில் வாசலில் கழற்றுவதற்குள் சோல் கேக்போல் உதிர்கிறது. அது பாலியூரித்தேன் நுரை சோல். காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. அறுந்ததில் உண்டாகும் அமிலம் வேலையை இன்னும் விரைவாக்குகிறது. போடாமல் வைத்திருப்பது இதைத் தடுப்பதில்லை. கடலோர டெல்டாவின் புழுக்கம் இதற்குத் தோதான சூழல்.

ஒட்டும் முன் பிளவின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். குழி விழுந்து மீண்டால் சோல் உயிரோடு இருக்கிறது. தூளாக உதிர்ந்தாலோ பிசினாக ஒட்டினாலோ பசை பிடிப்பது அந்தத் தூளைத்தான். மேல்தோல் நன்றாக இருந்தால், புது ரப்பர் சோல் போடச் சொல்லிச் செருப்பு தைப்பவரிடம் கொடுக்கலாம்.